ரவி சாரைத் தாண்டி ஒரு மெயில்

வேலை முடிந்துவிட்டது, பில்லும் கொடுத்தாகிவிட்டது. பணம் வர வேண்டிய தேதி தாண்டி இரண்டு மாதம் ஆகிறது. நமக்கு வேலை கொடுத்தவர் போனை எடுப்பதில்லை, மெயிலுக்கும் பதில் போடுவதில்லை. அவருடைய கம்பெனியின் நிதிப் பிரிவுத் தலைவருக்கு நேராக எழுதிவிடலாமா? எழுதினால் "மேலே போட்டுக்கொடுத்துவிட்டான்" என்று அவர் மனதில் வைத்துக்கொள்வாரே, அடுத்த ஆர்டர் என்ன ஆகும்? சிறு தொழில் செய்கிற பலர் இந்த யோசனையிலேயே மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் ராத்திரி, சம்பளத் தேதி நெருங்கும்போது, அடக்கி வைத்த கோபம் எல்லாம் சேர்ந்து ஒரு மெயிலாகப் போய்விடுகிறது. அந்த மெயிலால் பணம் வரலாம், ஆனால் உறவு போய்விடும். சில சமயம் இரண்டுமே போய்விடும்.

வாங்குகிற கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து இப்படிப்பட்ட மெயில்களைப் படித்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். நேராக எழுதுவது தப்பில்லை. எழுதிய விதத்தில்தான் மனஸ்தாபம் வருகிறது. அதை முன்கூட்டியே சரிசெய்துவிடலாம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். அம்பத்தூரில் ஜெனரேட்டர் சர்வீஸ் செய்கிற ஒரு கூட்டாண்மை நிறுவனம். ஒரகடத்தில் இருக்கும் ஒரு தொழிற்சாலை அதன் வாடிக்கையாளர். டிசம்பர் 4, 5 தேதிகளில் அங்கே மூன்று ஜெனரேட்டர்களுக்கு ஆயில், ஃபில்டர் மாற்றி, பி-செக் முடித்துக் கொடுத்தார்கள். டிசம்பர் 10ஆம் தேதி பில் போட்டார்கள். வேலைக்கு 2,00,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 36,000, மொத்தம் 2,36,000. முப்பது நாள் கடன், அதாவது ஜனவரி 9ஆம் தேதிக்குள் பணம் வர வேண்டும். வேலை கொடுத்தவர் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் மேனேஜர். அவருக்கு ரவி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஜனவரி, பிப்ரவரி முழுக்க நான்கு மெயில் போயிற்று, பலமுறை போனும் போட்டாயிற்று. பதில் இல்லை. இப்போது மார்ச் 10. பில்லில் இருக்கும் 36,000 ரூபாய் வரியை அம்பத்தூர்க்காரர் ஜனவரியிலேயே தன் கையிலிருந்து அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். வாடிக்கையாளர் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வரிக்குக் கெடு நிற்பதில்லை.

இனி, ராத்திரியில் எழுதிய அந்த மெயில். இப்படிப்பட்ட மெயில்கள் ஆங்கிலத்தில்தான் போகின்றன, இருந்தாலும் அதன் தொனி இதுதான்:

"பொருள்: அவசரம்!! நிலுவைத் தொகை – கடைசி நினைவூட்டல்

மதிப்பிற்குரிய மேடம்,

கீழே உள்ள எங்கள் மெயில்களைப் பார்க்கவும். உங்கள் மெயின்டனன்ஸ் மேனேஜர் திரு. ரவி அவர்களுக்குப் பலமுறை மெயில் அனுப்பியும் போன் செய்தும் இதுவரை எந்தப் பதிலும் இல்லை. அவர் வேலைப்பளுவில் இருக்கக்கூடும். நாங்கள் சிறிய நிறுவனம். தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று மாதமாகப் பணம் வராததால் மிகுந்த மன உளைச்சலில் இருக்கிறோம். சட்டப்படி 45 நாளுக்கு மேல் தாமதித்தால் கூட்டு வட்டி கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. தாங்கள் உடனடியாகத் தலையிட்டு எங்கள் தொகையை விடுவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கெட்ட வார்த்தையும் இல்லை, 'தாழ்மையுடன்' என்றுகூட இருக்கிறது. ஆனாலும் இது புகார் மனு. ரவி சாரின் பெயரும், அவர் செய்யாத காரியமும் இரண்டாவது வரியிலேயே வந்துவிடுகின்றன. பில் எண் எங்கே? தேதி எங்கே? எவ்வளவு பணம்? ஒன்றும் இல்லை. படிக்கிற மேடத்துக்கு இந்த மெயிலிலிருந்து தெரியவரும் ஒரே தகவல், ரவி பதில் போடுவதில்லை என்பதுதான். அவரால் இதை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதும் ஒன்றே ஒன்று: ரவிக்கு அப்படியே அனுப்பி, "இது என்ன?" என்று கேட்பது.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. நிதித் தலைவருக்குப் போகும் மெயிலை நிதித் தலைவர் முழுதாகப் படிப்பது அபூர்வம். மேல்வரியைப் பார்த்துவிட்டு, "பார்க்கவும்" என்று ஒரு சொல் போட்டு யாருக்காவது தள்ளிவிடுவார். அது கடைசியில் யார் கையில் போய்ச் சேரும்? ரவி கையில். அவர்தான் அதை ஒவ்வொரு சொல்லாக, நாலு தடவை படிப்பார். எனவே மேல்விலாசம் மேடத்துக்கு இருந்தாலும், மெயிலின் உண்மையான வாசகர் ரவி சார். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எந்த வரியைச் சத்தமாகப் படித்துக்காட்டத் தயங்குவோமோ, அந்த வரி மெயிலில் இருக்கக் கூடாது. என்னுடைய திருத்தம் முழுவதும் இந்த ஒரு சோதனையிலிருந்து வருவதுதான்.

எழுத உட்காருவதற்கு முன், ரவி ஏன் பேசாமல் இருக்கிறார் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெரிய கம்பெனிகளில் பில் வந்ததும் பணம் போய்விடாது. மூன்று தாள்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பி.ஓ. என்கிற கொள்முதல் ஆணை, வேலையோ பொருளோ வந்து சேர்ந்ததற்கான பதிவு, நம்முடைய பில். பொருள் வாங்கினால் கேட்டில் லாரி நிற்கும், ஸ்டோர்ஸில் எண்ணிப் பார்த்து ஜி.ஆர்.என். போட்டுவிடுவார்கள். சர்வீஸுக்கு அந்த வசதி கிடையாது. ஜெனரேட்டருக்குள் மாற்றிய ஆயிலை கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி எப்படிப் பார்ப்பார்? வேலை நடந்தது என்று வேலை வாங்கியவரே கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும். அதை 'சர்வீஸ் என்ட்ரி' என்கிறார்கள். அது ஏறாத வரை, கணக்குப் பிரிவைப் பொறுத்தமட்டில் நம் பில்லுக்குப் பணம் கொடுக்க வழியே இல்லை. பெரும்பாலும் அங்கே யாரும் நம் பணத்தைப் பிடித்து வைத்திருப்பதில்லை. அப்படி ஒரு பில் பாக்கி இருப்பதே மேடத்துக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அந்தப் பதிவைப் போட ரவிக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அவருடைய நாள் பிரேக்டவுனோடு ஆரம்பித்துப் பிரேக்டவுனோடு முடிகிறது. முதல் நினைவூட்டலின்போது மறந்தார். இரண்டாவது வந்தபோது கொஞ்சம் சங்கடப்பட்டார். மூன்றாவது வந்தபோது, இத்தனை நாள் கழித்து என்ன சொல்லிப் பதில் போடுவது என்று விட்டுவிட்டார். நிறைய மௌனத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கூச்சம்தான். "தலையிட்டு விடுவிக்கவும்" என்ற மெயில் அந்தக் கூச்சத்தை மேலதிகாரி முன்னால் நிறுத்துகிறது. அங்கிருந்துதான் பகை பிறக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அது இருந்தால் மெயிலே அனுப்பக் கூடாது. நம் கையில் இருக்கும் பி.ஓ.வை எடுத்து, பில்லுக்குப் பக்கத்தில் வைத்து, வரி வரியாகப் பாருங்கள். பி.ஓ.வில் இரண்டு ஜெனரேட்டர்தான் இருக்கிறது, மூன்றாவதை ரவி போனில் சொல்லி நாம் செய்து கொடுத்தோம் என்று தெரியவந்தால்? மூன்றுக்கும் சேர்த்துப் போட்ட பில்லை அந்த பி.ஓ. ஏற்காது. ஆணையைத் திருத்த அவர் தன் மேலதிகாரியின் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆணை இல்லாமல் வேலை வாங்கினார் என்ற கேள்வி அங்கே வரும். அதனால்தான் அவர் வாய் திறக்கவில்லை. இந்த நிலையில் மேடத்துக்கு எழுதும் எந்த மெயிலும், எவ்வளவு பணிவாக எழுதினாலும், ரவியை மாட்டிவிடும் மெயிலாகத்தான் முடியும். நேரில் ஒரகடம் போய், அவர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, "சார், பி.ஓ.வில் மூணாவது யூனிட் விட்டுப்போயிருக்கு போல. பில்லைப் பிரிச்சுப் போட்டுத் தரட்டுமா, இல்ல நீங்க அமெண்ட்மென்ட் வாங்கறீங்களா?" என்று கேட்பதுதான் வழி. வேலையின் தரத்தில் அவருக்குக் குறை இருந்தாலும் அப்படித்தான். அதை அவரிடமே பேசித் தீர்க்காமல் நிதிப் பிரிவுக்கு எழுதினால், "முதலில் மெயின்டனன்ஸிடம் முடித்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நம் உதாரணத்தில் பி.ஓ. சரியாகவே இருக்கிறது. மூன்று ஜெனரேட்டர், இரண்டு லட்சம். சர்வீஸ் ரிப்போர்ட்டில் ரவியின் கையெழுத்தும் இருக்கிறது. எனவே எழுதலாம். பி.ஓ.வின் அடியில் பில் விசாரணைக்கென்று கணக்குப் பிரிவின் முகவரி ஏதேனும் அச்சிட்டிருந்தால், முதலில் அங்கேதான் எழுத வேண்டும். அது யாருக்கும் மேலே போவதாகாது. அங்கிருந்தும் பதில் வராதபோதுதான் மேடத்தின் முறை.

மேடத்துக்கு எழுதுவதற்கு இரண்டு நாள் முன்பு ரவிக்கு ஒரு தகவல் போக வேண்டும். முழுத் திருத்தத்திலும் மிக முக்கியமான வரிகள் மெயிலுக்கு வெளியே இருக்கும் இந்த வரிகள்தான் என்பது என் கருத்து. வாட்ஸ்அப்பில் போதும்:

"வணக்கம் சார். வருஷக் கணக்கு முடியறதால டிசம்பர் சர்வீஸ் பில் 118 அக்கவுண்ட்ஸ்ல பதிவாகியிருக்கான்னு புதன்கிழமை ஃபைனான்ஸ் மேடத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கும் காப்பி போடறேன். அதுக்கு முன்னாடி எங்க பக்கம் ஏதாவது சரி பண்ண வேண்டியிருந்தா சொல்லுங்க சார்."

இதில் என்ன கிழமை எழுதப்போகிறோம் என்பது இருக்கிறது. ஏன் எழுதுகிறோம் என்பதற்கு ரவியைச் சாராத, உண்மையான ஒரு காரணம் இருக்கிறது. குறை நம் பக்கமும் இருக்கலாம் என்று அவருக்கு ஒரு வாசல் திறந்து விடப்பட்டிருக்கிறது. "பதில் வராவிட்டால் மேலே எழுதுவேன்" என்ற நிபந்தனை இல்லை. அந்த ஒரு சொற்றொடர் சேர்ந்தால் இதே தகவல் மிரட்டலாகிவிடும். இந்தச் செய்தியைப் பார்த்ததும் பல ரவிகள் அன்றைக்கே போன் செய்துவிடுவார்கள். "ஒரு வாரம் டைம் குடுங்க" என்று கேட்டால் கொடுத்துவிடலாம். ஆனால் எந்தத் தேதி என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட வேண்டும். பதிலே இல்லையென்றாலும் பரவாயில்லை. புதன்கிழமை மெயில் போகும்போது அது அவர் முதுகுக்குப் பின்னால் நடந்த காரியமாக இருக்காது.

சரி, திருத்திய மெயில்:

"பொருள்: பில் 118 / டிசம்பர் 10 / ரூ.2,36,000 – பதிவு நிலை அறிய (பி.ஓ. 4500017326)

மதிப்பிற்குரிய மேடம்,

உங்கள் ஒரகடம் தொழிற்சாலையில் டிசம்பர் 4, 5 தேதிகளில் மூன்று ஜெனரேட்டர்களுக்கு நாங்கள் செய்த சர்வீஸுக்கான பில் 118, கணக்குப் பிரிவில் பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எழுதுகிறேன். தொகை ஜிஎஸ்டியுடன் ரூ.2,36,000. பணம் தர வேண்டிய தேதி ஜனவரி 9.

வேலை ரவி சாரின் மேற்பார்வையில், சொன்ன இரண்டு நாளில் முடிந்தது. பில்லையும் அவர் கையெழுத்திட்ட சர்வீஸ் ரிப்போர்ட்டையும் டிசம்பர் 10 அன்று தொழிற்சாலையில் கொடுத்தோம். அதன்பின் பில் எந்த நிலையில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. எங்களிடமிருந்து ஏதேனும் தாள் வேண்டியிருந்தால் அன்றே அனுப்பிவிடுகிறோம்.

மார்ச் 31க்குள் கணக்கு முடிக்க வேண்டியிருப்பதால், இதை உங்கள் பிரிவில் யாரிடம் கேட்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும். பில், பி.ஓ., சர்வீஸ் ரிப்போர்ட், எங்கள் உத்யம் சான்றிதழ் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ரவி சாருக்கும் இதன் நகல் போகிறது."

முதலில் கண்ணில் படுவது, கேள்வி மாறியிருப்பது. "பணத்தை விடுவியுங்கள்" என்பது "பில் பதிவாகியிருக்கிறதா?" என்று ஆகியிருக்கிறது. பணத்தை விடுவிக்க மேடத்துக்கு மூன்று தாள் வேண்டும், அதில் ஒன்று ரவி கையில். பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க அவருடைய பிரிவில் யாராவது ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டினால் போதும். கேட்டது சின்னதாக இருந்தால் உடனே யாரிடமாவது கொடுத்துவிடுவார். யாரிடம் கேட்கலாம் என்று சொன்னால் போதும் என்ற கடைசிப் பத்தியும் அதற்காகத்தான். மேடம் தானே எதையும் தீர்த்து வைக்க வேண்டிய அவசியம் இல்லாமல், ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

இரண்டாவது, பழைய மெயில்கள் இதில் இல்லை. பதில் வராத நான்கு நினைவூட்டல்களையும் கீழே தொங்கவிட்டு அனுப்புவது பலருக்கும் வழக்கம். அத்தாட்சி என்று நினைத்துச் செய்கிறார்கள். படிக்கிறவருக்கு அது குற்றப்பத்திரிகை. ஜனவரி 13, ஜனவரி 27, பிப்ரவரி 10, பிப்ரவரி 24 என்று தேதியிட்ட வரிசையைப் பார்த்ததும் மேடத்தின் கேள்வி பில்லை விட்டுவிட்டு ரவியிடம் போய்விடும். அத்தாட்சி நம்மிடம் பத்திரமாக இருக்கட்டும். இந்த மெயில் புதிதாக, தனியாகப் போக வேண்டும்.

மூன்றாவதுதான் நுணுக்கமானது. "அவர் வேலைப்பளுவில் இருக்கக்கூடும்" என்ற வரியை எழுதியவர் பெருந்தன்மையாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் ஒருவர் சார்பில் அவர் கேட்காத மன்னிப்பை நாம் கேட்டால், அவர் தப்பு செய்தார் என்று முடிவுகட்டிவிட்டோம் என்று அர்த்தம். ரவி அதைப் படிக்கும்போது மற்ற எல்லா வரிகளையும்விட இதுதான் அதிகம் குத்தும். "பதில் வரவில்லை" என்ற சொல்லே திருத்திய மெயிலில் கிடையாது. அந்த இடத்தில் "எங்களுக்குத் தெரியவில்லை" என்று இருக்கிறது. இரண்டும் ஒரே நிலைமையைத்தான் சொல்கின்றன. முன்னதில் பேசப்படுவது ரவி, பின்னதில் நாம். அதே சமயம் ரவியைப் பற்றி நல்லதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அதுவும் நடந்ததாக இருக்க வேண்டும். சொன்ன இரண்டு நாளில் வேலை முடிந்தது உண்மையென்றால் எழுதலாம். "ரவி சார் எப்போதும் எங்களுக்குப் பெரிய உதவி" என்று பொதுவாகப் புகழ்ந்தால் அது ரவிக்கே பொய்யாகப் படும்.

நகல் வெளிப்படையாகப் போக வேண்டும். ரவிக்கு மறைத்து அனுப்பினாலும், மேடத்துக்குத் தெரியாமல் ரவிக்கு 'பி.சி.சி.' போட்டாலும் ஒரு நாள் வெளியே வந்துவிடும். யாராவது 'எல்லோருக்கும் பதில்' என்பதை அழுத்திவிட்டால் போதும். நகலில் வேறு யாரும் வேண்டாம். தொழிற்சாலைத் தலைவர், கொள்முதல் தலைவர் என்று பெயர்கள் கூடக்கூட அது பஞ்சாயத்தாகிவிடும்.

சட்டத்தைப் பற்றி. கூட்டு வட்டி என்று முதல் மெயிலில் எழுதியது சட்டப்படி சரிதான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டி வட்டி. ஆனால் பில் பதிவாகியிருக்கிறதா என்றே தெரியாத கட்டத்தில் வட்டியைப் பற்றிப் பேசினால், மெயில் நிதிப் பிரிவிலிருந்து சட்டப் பிரிவுக்குப் போய்விடும். அங்கிருந்து திரும்பி வர நாளாகும். நம்மிடம் உத்யம் பதிவு இருக்கிறது என்பதை மட்டும் காட்டினால் போதும், சான்றிதழை இணைத்தாலே அது தெரிந்துவிடும்.

ஏன் போதும் என்றால், மேடத்துக்கு இதில் சொந்த அக்கறை ஒன்று இருக்கிறது. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியில் ஒரு விதியைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் சொல்லும் கெடுவைத் தாண்டிப் பணம் பாக்கி வைத்தால், அந்தச் செலவை வாங்கிய ஆண்டில் கழித்துக்கொள்ள முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். தாமதமானாலும் மார்ச் 31க்குள் கொடுத்துவிட்டால் அந்த ஆண்டிலேயே கழித்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் ரவியின் டிசம்பர் வேலை அந்தக் கம்பெனியின் அந்த ஆண்டு லாபத்தில் இரண்டு லட்சத்தைக் கூட்டிக் காட்டும், அதற்கு வரி கட்ட வேண்டிவரும். இதை எந்த நிதித் தலைவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. சான்றிதழும் "மார்ச் 31" என்ற தேதியும் ஒரே மெயிலில் இருந்தால் அவரே புரிந்துகொள்வார். ரவி படித்தாலோ, வருஷக் கணக்கு முடிக்கும் ஒருவரின் சாதாரணக் கேள்வியாகத்தான் அது தெரியும்.

சம்பளம், மன உளைச்சல் பற்றிய வரிகளை எடுத்துவிட்டேன். அந்தக் கஷ்டம் உண்மை, எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதை வைத்து மேடத்தால் எந்தப் பொத்தானையும் அழுத்த முடியாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் மெயில் குப்பைக்குப் போகும் வழி ஒன்று உண்டு. முன்பின் தெரியாத முகவரியிலிருந்து, பணம் கேட்டு, இணைப்போடு வரும் மெயிலை நிதிப் பிரிவு மோசடி என்றுதான் முதலில் சந்தேகிக்கும். சப்ளையர் பெயரில் மெயில் போட்டு, வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லிப் பணத்தைத் திருப்பிவிடும் கும்பல்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள். எனவே வாடிக்கையாளரிடம் சப்ளையராகப் பதிவு செய்தபோது கொடுத்த அதே முகவரியிலிருந்து அனுப்ப வேண்டும். மகனுடைய ஜிமெயிலிலிருந்து அனுப்பக் கூடாது. வங்கி விவரம் எதையும் மெயிலில் எழுத வேண்டாம், அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. "அவசரம்", "கடைசி" போன்ற சொற்களும் ஆச்சரியக்குறிகளும் இந்தச் சந்தேகத்தைத்தான் வளர்க்கும். பொருள் வரியில் பில் எண்ணும் பி.ஓ. எண்ணும் இருந்தால், அவர்களுடைய கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, உண்மையான சப்ளையர்தான் என்று உடனே உறுதி செய்துகொள்வார்கள்.

நாள் பார்ப்பதும் உண்டு. மாதத்தின் முதல் வாரத்தில் முந்தைய மாதக் கணக்கை முடிப்பார்கள், 7ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும், 20ஆம் தேதி ஜிஎஸ்டி கணக்குக்குக் கெடு. நடுவில் 12 முதல் 16 வரை கொஞ்சம் மூச்சு விடுவார்கள். மார்ச் மாதத்தில் இது இன்னும் முக்கியம். 20ஆம் தேதிக்குப் பிறகு போகும் மெயில் ஏப்ரலில்தான் திறக்கப்படும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மெயில் போன பிறகு நடப்பதைப் பார்ப்போம். மேடம் அதைத் தன் பிரிவில் ஒருவருக்குத் தள்ளுகிறார். அவர் பார்த்துவிட்டு, "சர்வீஸ் என்ட்ரி பாக்கி இருக்கிறது, மெயின்டனன்ஸ் போட வேண்டும்" என்று மூவருக்கும் சேர்த்துப் பதில் போடுகிறார். இப்போது ரவிக்கு வந்திருப்பது நம்முடைய புகார் இல்லை, அவருடைய சொந்தக் கம்பெனியின் வழக்கமான ஒரு கேள்வி. "விட்டுப்போச்சு, இன்று போட்டுவிடுகிறேன்" என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம், யார் முன்னாலும் அவமானம் இல்லை. அவர் பதிவைப் போட்ட பிறகு, அடுத்து பணம் அனுப்பும் நாளில் நம் கணக்குக்கு 2,32,000 ரூபாய் வந்து சேருகிறது. வரிக்கு முந்தைய இரண்டு லட்சத்தில் 2 சதவீதம், 4,000 ரூபாய், டி.டி.எஸ். பிடித்தம். அதைக் குறைவு என்று எண்ணி மறுபடி மேடத்துக்கு எழுதிவிடக் கூடாது.

ரவி போனில் கோபித்துக்கொண்டாலும் கோபித்துக்கொள்வார். "என்னைக் கேட்டிருக்கலாமே?" என்பார். "நாலு தடவை கேட்டேனே சார்" என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடிக்கும். சொல்லாமல் இருப்பது நல்லது. "உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் சார் போட்டேன். பில் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா போதும்னு கேட்டேன்" என்பது உண்மையும்கூட. வாட்ஸ்அப்பில் போன தகவல் அங்கே இருக்கிறது, அவரும் பார்த்திருப்பார்.

ஒரு வாரம் ஆகியும் மேடத்திடமிருந்து பதில் இல்லையென்றால், அதே மெயிலுக்குக் கீழே, அதே இருவருக்கும் இரண்டு வரி: "மேடம், இது உங்கள் பிரிவில் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்." அதற்கும் பதில் இல்லை, மார்ச் போய் ஏப்ரலும் பாதி ஆகிவிட்டது என்றால் மௌனத்துக்குக் காரணம் வேறு. ஒருவேளை அந்தக் கம்பெனியிலேயே பணம் இல்லாமல் இருக்கலாம். அப்போது பங்குதாரர் கையெழுத்தோடு வட்டிக் கணக்குப் போட்ட கடிதம், பிறகு மத்திய அரசின் இணையதளம் வழியாக மாநில வசதி மன்றத்துக்கு விண்ணப்பம் என்று பாதை மாறும். அங்கே போகும்போது, தேதியும் எண்ணும் தெளிவாக இருக்கிற இந்த அமைதியான மெயில் நல்ல சாட்சியாக இருக்கும். கோபத்தில் எழுதிய மெயிலும் சாட்சிதான், ஆனால் அதில் பில் எண்ணே இருந்திருக்காது.

பணம் வந்த அன்று இரண்டு காரியம் பாக்கி இருக்கிறது. மேடத்துக்கும் அவருடைய பிரிவுக்கும், ரவியை நகலில் வைத்து, "தொகை கிடைத்தது, ரவி சாருக்கும் உங்களுக்கும் நன்றி" என்று ஒரு வரி. பிறகு ரவிக்குத் தனியாக ஒரு போன். இந்தப் போனில் பழைய பில்லைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். ஜூன் மாதம் அடுத்த பி-செக் வரும், அதற்கு இப்போதே ஒரு ஏற்பாடு கேட்டு வைக்கலாம்: "சார், அடுத்த தடவை வேலை முடிஞ்ச அன்னைக்கே எங்க பையனை ரிப்போர்ட்டோட உங்க ஆபீசுக்கு அனுப்பறேன். சர்வீஸ் என்ட்ரி நம்பர் மட்டும் குடுத்து அனுப்புங்க, பில்லுல அதைப் போட்டே கொண்டு வந்துடறோம்." இதற்கு ரவி சரி என்று சொல்லத் தடையே இருக்காது. அந்த எண்ணோடு போகும் பில் அவர் மேஜையில் காத்திருக்காமல் நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போய்விடும்.